எட்டு மணி இட்லியும் பத்து மணி சாம்பாரும்

மதுரையில் எங்கள் பேட்டைக்குள் இருக்கிற சின்ன டிபன் கடை அது. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

கடைக்குக் கூட்டம் சேர்ப்பது இட்லிதான். குழித்தட்டில் ஈரத்துணி விரித்து மாவு ஊற்றுகிறார்கள். தட்டின் துளை வழியே ஏறும் ஆவி துணியைக் கடந்து மாவை வேகவைக்கிறது; இட்லியும் எண்ணெய் தடவாமலே உரிந்து வருகிறது. இலையில் விழும்போது அடியில் துணியின் இழை பதிந்திருக்கிறது. விண்டால் விரலில் ஒட்டவில்லை. புளிப்பும் அளவாக இருக்கிறது. சட்னியே இல்லாமல் இரண்டு உள்ளே போகும்.

சாம்பார் விஷயம் வேறு. காலை எட்டு மணிக்கு ஒரு நாள் நீர்த்திருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று அவசரப்பட்டு எழுதிவிடலாம். ஆனால் உப்பும் புளிப்பும் குறையவில்லை. பருப்பு வாளியின் அடியில் தங்கிவிட்டது, கரண்டி மேலாக மொண்டுவிட்டது, அவ்வளவுதான். கலக்கி ஊற்றச் சொன்னேன், கெட்டியாகவே வந்தது. பத்து மணிக்குப் போனால் கதை மாறுகிறது. அடிவரை கலக்கினாலும் நீர்தான். உப்பு, புளி, காரம் மூன்றும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. இது வெந்நீர் ஊற்றி விளாவியது. கடைசிப் பந்திக்கு வருகிறவரும் அதே காசுதானே கொடுக்கிறார்?

பரிமாறுவது தாமதம் என்பது உண்மை. இரண்டாம் தடவை சட்னி வருவதற்குள் இட்லி ஆறிவிடுகிறது. அதற்காகப் பரிமாறுகிறவரை மெத்தனம் என்று எழுதினால் அநியாயம். இலை போடுவதும் அவரே, பார்சல் கட்டுவதும் அவரே. கூட்ட நேரத்தில் இன்னோர் ஆளைப் போடவேண்டியது கடைக்காரர்.

மாலை உளுந்தவடைதான் என்னை யோசிக்க வைத்தது. மேலே கருஞ்சிவப்பு, உள்ளே நடுவில் மாவு. எண்ணெய் மிஞ்சிக் காய்ந்தால் இப்படித்தான் ஆகும். தீயைக் குறைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் சட்டியில் நுரை அடங்காமல் நின்றதும், தின்ற பிறகு உதட்டில் ஒட்டிய பிசுக்கும் பழைய எண்ணெயைத்தான் சந்தேகிக்க வைக்கின்றன. காய்ந்து காய்ந்து கெடும் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நாக்கை வைத்துக்கொண்டு அதை அளக்க முடியாது. ஆகவே விதியை மீறினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வடை திகட்டியது, பாதியில் வைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்பது மணிக்குள் போகிறவர்கள் இட்லிக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். சாம்பாரைக் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் என்றால் கெட்டிச் சட்னியும் இட்லிப்பொடியும் கேளுங்கள். வடைக்கு, இப்போதைக்கு, வேறு கடை.