மழை இரவில் உறங்காத பிள்ளை

மழை பெய்தால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு முதலில் நினைவு வருவது கூலி. பட்டை நனைந்திருந்தால் பால்மரம் வெட்ட முடியாது. அன்று வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அதே மழையைக் கண்டு இன்றைய பிள்ளைகள் சிலர் வேறுவிதமாக அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பேத்திக்கு வயது பதினேழு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் உறவினர் வீட்டில் இருந்தபோது வெள்ளம் வந்தது. அந்த நாட்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில், ஒரு மாதத்தில் பெய்யவேண்டிய மழை ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டியது. இப்போதும் இரவில் கனமழை பெய்தால் அவள் எழுந்துபோய்க் கால்வாயைப் பார்க்கிறாள். "இனி ஆண்டுக்கு ஆண்டு மோசமாகத்தானே போகும், தாத்தா? படித்து என்ன பயன்?" என்கிறாள்.

தாத்தா சிரிக்கிறார். "1971-இல் கோலாலம்பூரே முழுகியது, ஆயி. நான் பார்த்தவன். மழை வரும், போகும். சாமி கொடுப்பதை யார் தடுக்க முடியும்?"

தாத்தா சொல்வது பொய்யன்று. 1971 சனவரியில் பெருவெள்ளம் வந்தது உண்மை. ஆனால் பேத்தி கேட்டது ஒரு வெள்ளத்தைப் பற்றியன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் கரியமில வாயு காற்றில் சேர்ந்து, பூமியின் சூட்டை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். அது மழையாக இறங்கும்போது கொட்டித் தீர்க்கும். உலகம் இதுவரை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து வெளியேற்றிய கரியமில வாயுவில் பாதிக்கும் மேற்பட்டது 1990-க்குப் பிறகு வெளியானது. தாத்தாவின் இளமைக்கால அனுபவத்தில் இதற்கு அளவுகோல் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. "உங்கள் தலைமுறைதான் எல்லாவற்றையும் கெடுத்தது" என்று பேத்தி சொன்னால் அதுவும் நியாயமாகாது. மிதிவண்டியில் வேலைக்குப் போய், பழைய ரப்பர் மரத்தை விறகாக்கி, கிழிந்த துணியைக் கரித்துணியாக்கி வாழ்ந்தவர் தாத்தா. அவர் வீட்டிலிருந்து போன புகை மிகச் சொற்பம். அவருக்குப் பொறுப்பு என்றால் கைக்கு எட்டியதை வீணாக்காமல் இருப்பது. பேத்திக்கோ, ஆலைகளும் அரசாங்கங்களும் செய்யவேண்டியதும் பொறுப்பில் சேரும். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு பொருளைக் கருதுகிறார்கள். சண்டை அங்கேதான் பிறக்கிறது.

2021-இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள பத்தாயிரம் பேரிடம் ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கேட்டார்கள். மலேசியா அதில் இல்லை. இந்தியாவும் பிலிப்பைன்சும் இருந்தன. நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் மிகவும் கவலைப்படுவதாகக் கூறினர். தம் கவலையைப் பிறரிடம் பேசியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், கேட்டவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை அல்லது தட்டிக்கழித்தார்கள் என்றனர். தாத்தாவின் சிரிப்பு அன்பான சிரிப்புதான். ஆனாலும், நாம் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள் என்றே பிள்ளை அதை எடுத்துக்கொள்கிறாள்.

அப்படியானால் தாத்தா என்ன சொல்லலாம்? "நீ பயப்படுவதில் காரணம் இருக்கிறது" என்று முதலில் சொல்லலாம். பிறகு 1971-இல் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஏறியது, எவ்வளவு உயரம் வந்தது, யார் யாரை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று விவரமாகக் கூறலாம். வெள்ளம் மழையால் மட்டும் வருவதில்லை. தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டுவதும் கால்வாய் அடைபடுவதும் அதைப் பெரிதாக்குகின்றன. வீட்டுப் பத்திரங்களை எங்கே வைப்பது, எந்த வழியாக வெளியேறுவது என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்யலாம். இதனால் உலகத்துச் சூடு குறைந்துவிடாது. ஆனால் மழை இரவில் என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளை, கால்வாயைப் பார்த்தபடி தனியே நிற்கவேண்டியதில்லை.

கவலை எப்போது நோயாகிறது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டாலும், பள்ளிக்குப் போக மனமில்லாவிட்டாலும், வாழ்ந்து பயனில்லை என்று ஒருமுறை சொன்னாலும் காத்திருக்கக்கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அங்கே போகும்போது, "இது வெறும் மழைப் பயம்" என்று பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லாமல், பிள்ளையையே பேசவிடுங்கள்.