சதுர அட்டையின் 8 அசைவுகள்

ஒரு சதுர அட்டையின் மூலைகளில், மேல் இடது மூலையில் தொடங்கி வலமாக 1, 2, 3, 4 என்று இரு பக்கமும் எழுதுங்கள். அட்டை பழைய இடத்திலேயே பொருந்தும்படி அதை 8 விதமாக வைக்கலாம். சும்மா விடுவதையும் சேர்த்துச் சுழற்றல் 4, புரட்டல் 4. இந்த எட்டும் சேர்ந்ததே சதுரத்தின் இருமுகக் குலம்.

இப்போது இடவலமாகப் புரட்டி, வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, மறுபடி இடவலமாகப் புரட்டுங்கள். எண்கள் 2, 3, 4, 1 என்று நிற்கும்.

நேராக இடப்பக்கம் கால் சுற்று திருப்பினாலும் இதே நிலைதான். புரட்டலை s என்றும், வலச்சுழற்றலை r என்றும் குறித்தால் srs = r⁻¹. இந்த உறவால் இரண்டு கால் சுற்றுகளும் ஒரே இணைவகுப்பில் சேர்கின்றன. அரைச் சுற்று தனித்தே நிற்கிறது. சும்மா விடுவதும் அப்படியே.

நான்கு சுழற்றல்களும் தங்களுக்குள் ஓர் உட்குலம். புரட்டல்கள் அப்படியல்ல: இரண்டு புரட்டல்கள் சேர்ந்தால் எப்போதும் ஒரு சுழற்றலே கிடைக்கும்.

புரட்டல்களிலும் இரு வகுப்பு உண்டு. பக்க நடுப்புள்ளிகள் வழியான அச்சுகள் 2, மூலைவிட்ட அச்சுகள் 2. எப்படிச் சுழற்றினாலும் ஒன்று மற்றதாக மாறாது. ஆக மொத்தம் 5 வகுப்புகள்.

ஒழுங்கு ஐங்கோணத்தில் ஒவ்வோர் அச்சும் ஒரு மூலையையும் எதிர்ப்பக்கத்தின் நடுவையும் தொடுகிறது. அதனால் அதன் 5 புரட்டல்களும் ஒரே வகுப்பு. அசைவுகள் 10 ஆனாலும் வகுப்புகள் 4 மட்டுமே.