எலும்பைத் தடவும் யானை துக்கப்படுகிறதா?

செத்த யானையின் எலும்பைக் கண்டால் மற்ற யானைகள் நின்று தும்பிக்கையால் தடவிப் பார்க்கும். துக்கமா, வெறும் ஆர்வமா? கென்யாவின் அம்போசெலியில் காரென் மெக்கோம்ப் குழு இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டது.

யானை, எருமை, காண்டாமிருகம் மூன்றின் மண்டையோடுகளை வைத்தால், யானைகள் அதிகம் முகர்ந்தது யானையினுடையதைத்தான். தந்தத்தை வைத்தாலோ விட மனமில்லை. காலாலும் தொட்டுப் பார்த்தன. உயிரோடிருக்கும்போதே தொட்டுப் பழகிய பாகம் என்பதால் இருக்கலாம்.

இறந்துபோன தங்கள் குடும்பத் தலைவியின் மண்டையோட்டை வேறு தலைவிகளுடையதோடு வைத்தபோதோ, அதனிடம் தனி அக்கறை எதுவும் தெரியவில்லை. யானை சொந்தக்காரரின் எலும்பைத் தேடி வருகிறது என்ற கதைக்கு இதில் ஆதாரமில்லை.

விழுந்துகிடக்கும் உடல் வேறு விஷயம். 2003-இல் கென்யாவின் சம்புருவில் எலினார் என்ற தலைவி சரிந்தபோது, வேறு குடும்பத்து கிரேஸ் என்ற யானை தன் தந்தங்களால் அவளைத் தூக்கி நிறுத்தியது. எலினார் மறுபடி விழுந்தாள்.