மொட்டைமாடியில் வெள்ளியும் வியாழனும்

"மார்ச் 1, மாலை 6.45. மொட்டைமாடிக்கு வாருங்கள், வெள்ளியும் வியாழனும் அருகருகே தெரியும்." 2023இல் சென்னை அடுக்ககம் ஒன்றின் லிஃப்ட் அருகே குடியிருப்போர் சங்கம் ஒட்டிய அறிவிப்பு இது.

நேரம் யோசித்துக் குறித்தது. சூரியன் மறைந்து அரை மணி நேரமாவது கழிந்தால்தான் மேற்கு வானம் இருட்டும். எட்டு மணிக்குப் பிறகோ பக்கத்துக் கட்டடங்கள் மறைத்துவிடும்.

இடைவெளி ஒரு பாகைக்கும் குறைவு. கையை நீட்டினால் சுண்டுவிரலே இரண்டையும் மறைத்துவிடும். அதிகம் பளிச்சிடுவது வெள்ளி.

இந்த நெருக்கம் கண்ணுக்கு மட்டும்தான். வெள்ளி அன்று சுமார் 20 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது; வியாழன் 85 கோடிக்கும் அப்பால். சாதாரண பைனாகுலரிலேயே வியாழனின் பெரிய நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும். கை நடுங்கினால் தெரியாது. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும்.