பிரிந்த பிறகும் நட்பா?

சண்டையில்லாமல், உட்கார்ந்து பேசிப் பிரிந்தவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் அதிகம். கோபம் இல்லை, அதனால் பேச்சை நிறுத்தக் காரணமும் இல்லை.

முன்னாள் காதலர்கள் ஏன் நட்பைத் தொடர்கிறார்கள் என்று அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 4 காரணங்கள் தெரிந்தன: மனதுக்கு ஆதரவு, நடைமுறை வசதி, நாகரிகம், தீராத காதல். கடைசிக் காரணத்தால் தொடரும் நட்புதான் மனவருத்தத்தில் முடிகிறது. சிக்கல் என்னவென்றால், தீராத காதல் 'ஆதரவு' என்ற பெயரிலேயே வந்து நிற்கும்.

என் தோழி பிரிந்து 3 மாதமாகியும் தினமும் இரவு 11 மணிக்கு அவனுக்கு "சாப்டியா?" என்று மெசேஜ் அனுப்புவாள். நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் தூக்கம் போய்விடும். "ஃப்ரெண்ட்ஸ்தான்டி" என்பாள்.

"அவனுக்குப் பொண்ணு பாத்திருக்காங்கன்னு நாளைக்கே சொன்னா?" என்று கேட்டேன். அழுதுவிட்டாள்.

நட்பு ஆரோக்கியமானதா என்று பார்க்க இதைவிட நேரான கேள்வி எனக்குத் தெரியவில்லை. இருவரும் பேசியே 2 மாதம் தொடர்பை நிறுத்தினார்கள். முதல் 10 நாள் அவளுக்கு நரகம். இப்போது எப்போதாவது அவன் மெசேஜ் வருகிறது. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, சாவகாசமாக எடுத்துப் பார்க்கிறாள்.