காய் விழும் சத்தம்

பார்வையில்லாத குழந்தைக்குப் பிறந்தநாள் என்றதும் பலரும் வாங்குவது, பட்டனை அழுத்தினால் பாடுகிற பொம்மை. எங்கே அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே பாட்டு, தொட்டுப் பார்த்தால் எல்லாமே வழுவழு பிளாஸ்டிக். இரண்டு நாளில் அலுத்துவிடும். மணி போட்ட பந்து பரவாயில்லை. ஆனால் உருளும்வரைதான் அது ஒலிக்கும். நின்றுவிட்டால் எங்கே கிடக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. சுவரோரம் உட்காரவைத்து உருட்டி விளையாடினால் தேடுகிற பாடு குறையும்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு என்றால் நான் பல்லாங்குழியைத்தான் சொல்வேன். காய்கள் குழிக்குள்ளேயே கிடக்கும், கை பட்டதும் சிதறி ஓடாது. ஆளுக்கு ஏழு குழி, இருப்பதோ இரண்டே வரிசை. நடுவில் மடக்குகிற கீல் இருக்கும் பலகையாக வாங்கினால், விரலுக்கு அதுவே அடையாளம். குழி ஆழமாக இருக்கிறதா என்று கடையிலேயே கைவிட்டுப் பாருங்கள். மேலோட்டமாகக் குடைந்த குழியில் காயை எண்ணும்போதே அது பக்கத்துக் குழிக்குத் தாவிவிடும்.

காய்க்கு நான் சோழியைத் தேர்ந்தெடுப்பேன். மஞ்சாடி அழகுதான், சின்ன விரலுக்குள் நழுவும். சோழி ஒரு பக்கம் மொழுமொழுவென்றும், மறுபக்கம் பல் வரிசைபோலவும் இருப்பதால் கைக்கு உடனே பிடிபடும். மரக்குழியில் விழும்போது 'டக்' என்று கேட்கவும் செய்யும். எதிராளி எத்தனை குழிக்குப் போட்டார் என்பதைக் காதே எண்ணிவிடும்.

குறைபார்வை உள்ள பிள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழுப்புப் பலகையில் புளியங்கொட்டை போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரியும். கருமையான பலகையில் வெள்ளைச் சோழி பளிச்சென்று நிற்கும். வார்னிஷ் பளபளக்கும் பலகை வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கண் கூசும்.

இந்த ஆட்டத்தில் கைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கையிலுள்ள காய் தீர்ந்தபின் அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியிலுள்ளதை அள்ளிக்கொள்வார்கள். ஆகவே பார்வையில்லாத பிள்ளைக்கென்று தனி ஆட்டம் தேவையில்லை. ஒரு விதி மட்டும் சேர்த்தால் போதும்: தன் முறை வந்ததும் இரண்டு வரிசையையும் முழுக்கத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. பலகை நகர்ந்தால் மனக்கணக்கு குலைந்துவிடும் என்பதால், அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போடுங்கள்.

முதல்முறை காட்டித்தரும்போது குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக் குழியில் வைப்பது வேண்டாம். உங்கள் கைமேல் அதன் கையை வைத்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் ஒருமுறை காயைப் போட்டுக்கொண்டே போங்கள். பிடிக்கவில்லை என்றால் பிள்ளை தானே கையை எடுத்துக்கொள்ளும். வாயில் வைக்கிற வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், ஆட்டம் முடிந்ததும் சோழியை எண்ணிப் பையில் கட்டி மேலே வைத்துவிட வேண்டும்.