காலியாக இருக்கும் ஒரு கட்டம்

அடிப்படை உரிமைகள் பகுதியைப் படிக்கும் மாணவர்கள் அதை அட்டவணையாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இரட்டைக் குவளை வைத்திருக்கும் ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். "என் கடை, என் இஷ்டம்" என்கிறார் கடைக்காரர். சட்டம் என்ன சொல்கிறது?

| பிரிவு | உரிமை | வரம்பு, விதிவிலக்கு |
|---|---|---|
| 19(1)(ஜி) | தொழில், வணிகம் செய்யலாம் | பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு: 19(6) |
| 15(2) | கடை, உணவகத்தில் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது | பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம்: 15(4) |
| 17 | தீண்டாமை ஒழிக்கப்பட்டது | ஏதுமில்லை |

கடைக்காரரின் உரிமைக்கு வரம்பு உண்டு. பிரிவு 17-க்கு நேரே உள்ள கட்டமோ காலி. வழக்கம், நம்பிக்கை, சொந்த இடம் என எந்தச் சாக்கையும் அதில் எழுத முடியாது.

அடிப்படை உரிமைகளில் பல அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் பிரிவு 17-ம், 15(2)-ம் தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். எனவே, கடை தனியாருடையது என்பது பதிலாகாது.

தீண்டாமையைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்கிறது பிரிவு 17. அந்தத் தண்டனையைச் சொல்வது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். உணவகத்தில் எல்லோருக்குமாக வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை, அதன் 4-வது பிரிவு வெளிப்படையாகவே குற்றம் என்கிறது. புகார் மனுவில் நாம் குறிப்பிட வேண்டியது இதைத்தான்.